எல்லாவற்றுக்கும் அஞ்சு மார்க் போட்டால்

குரூப் 4 தேர்வுக்கு 30 நாள் இருந்தது. வேலை முடிந்து வந்து தினம் 3 மணி நேரம் படிக்கலாம், ஆக மொத்தம் 90 மணி நேரம். படிக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டுக் கூட்டினால் 200-ஐத் தாண்டியது. சரி, முக்கியத்துவத்துக்கு அஞ்சுக்கு மார்க் போட்டு வரிசைப்படுத்தலாம் என்று உட்கார்ந்தால், எல்லாவற்றுக்கும் அஞ்சுதான் விழுந்தது.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "முக்கியமான்னு கேட்டா எல்லாம் முக்கியம்தான். இதைப் படிச்சா எத்தனை கேள்வி கூட வரும், அதைச் சொல்லு."

மூன்று பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதி, தவறியவற்றைத் தலைப்புவாரியாக எண்ணினேன். ஒரு கேள்விக்கு 1.5 மதிப்பெண். தவறியதெல்லாம் படித்த உடனே வந்துவிடாது. நிச்சயம் மீட்க முடியும் என்று தோன்றியதை மட்டும் மதிப்பாக எழுதினேன். தனிவட்டி, கூட்டுவட்டி, காலமும் வேலையும் மூன்றும் சேர்ந்து 3 கேள்வி, அதாவது 4.5 மதிப்பெண். தமிழ் இலக்கணம் 4 கேள்வி, 6 மதிப்பெண். எனக்குப் பிடித்த வரலாறு 2 கேள்வி, 3 மதிப்பெண்தான்.

உழைப்பை மணிக்கணக்கில் எழுதினேன். சறுக்கியது இங்கேதான். கணக்குக்கு 6 மணி என்று போட்டிருந்தேன். அப்புறம் சந்தேகம் வந்து, தனிவட்டியை மட்டும் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை மணியில் முடியும் என்று நினைத்தது 3 மணி இழுத்தது. அதனால் 6-ஐ 12 ஆக்கினேன். எந்தத் தலைப்பானாலும் ஒரு துண்டைப் படித்துப் பார்க்காமல் மணி எழுதாதீர்கள். ஆசைதான் எண்ணாக வந்து நிற்கும்.

மதிப்பை மணியால் வகுத்தேன். கணக்கு 0.375, இலக்கணம் 20 மணிக்கு 0.3, வரலாறு 40 மணிக்கு 0.075. பிடித்த பாடம் கடைசி!

இந்த வரிசை எல்லா இடத்திலும் செல்லாது. தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். மாதிரித் தேர்வில் அதை ஒட்டி நிற்பவர்கள் வகுத்தலை ஒதுக்கிவிட்டு முதலில் தமிழை முடிக்க வேண்டும். நடப்பு நிகழ்வுகளையும் நான் வகுக்கவில்லை. முன்னதாகப் படித்தால் மறந்துபோகும் என்று கடைசி வாரத்தில் 10 மணி நேரம் தனியாக எடுத்து வைத்தேன்.

10 நாள் கழித்துத் திரும்ப எண்ணியபோது கணக்கில் ஒரு கேள்விதான் தவறியது. இலக்கணம் மேலே வந்தது. வரலாற்றை விட மனமில்லாமல் தவறிய கேள்விகளைப் புரட்டினேன். கிட்டத்தட்ட எல்லாமே தேசிய இயக்கத்திலிருந்து வந்தவை. அந்தப் பகுதிக்கு மட்டும் 8 மணி போதும். 3-ஐ 8-ஆல் வகுத்தால் 0.375, முதல் நாள் கணக்குக்கு வந்த அதே எண். 40 மணி என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்ததால்தான் அது அடியில் கிடந்திருக்கிறது.