12 வோல்ட் எங்கே விழுகிறது?

மார்ச் 3

தம்பியின் கணினி விளையாட்டின் நடுவே பட்டென்று அணைந்து, தானே மறுபடி கிளம்புகிறது. விண்டோஸ் பதிவில் Kernel-Power 41 மட்டும் இருக்கிறது. ஒழுங்காக மூடப்படாமல் நின்றுபோனது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லாது.

மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க, கணினியின் சென்சார் அளவுகளைக் காட்டும் HWiNFO மென்பொருளில் சென்சார் பகுதியைத் திறந்தேன். கணினி சும்மா இருக்கையில் மதர்போர்டின் +12V 12.096 காட்டுகிறது. மாறினால் 12.000, இல்லையென்றால் 12.192, நடுவில் எதுவும் வருவதில்லை. அது கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையின் ஆட்டம் அல்ல. போர்டில் உள்ள சிப் 12 வோல்ட்டைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்து, 8 மில்லிவோல்ட் படிகளில் அளக்கிறது. அதனால் ஒரு படி ஏறி இறங்கினாலே 0.096 வித்தியாசம் தெரியும்.

மார்ச் 4

கணினி சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி வோல்ட் பொதுவாக ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அதாவது 12 வோல்ட்டுக்கு 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட்டுக்கு 4.75 முதல் 5.25 வரை. நான் 11.4 வரை காத்திருக்க மாட்டேன். சும்மா இருக்கும்போது உள்ள அளவுக்கும் முழுச் சுமையில் உள்ள அளவுக்கும் இடையே வித்தியாசம் 0.3 வோல்ட்டைத் தாண்டினாலே தேட ஆரம்பித்துவிடுவேன். சிப்பின் அளவு கொஞ்சம் தள்ளியிருக்கலாம், ஆனால் அது எவ்வளவு நகர்கிறது என்பதை நம்பலாம்.

(12 வோல்ட் இடத்தில் 8 என்று காட்டினால் பதறாதீர்கள். உண்மையில் 8 வோல்ட் என்றால் கணினி ஓடவே ஓடாது. மென்பொருள் தவறான பெருக்கலைப் போடுகிறது.)

மார்ச் 6

Minimum, Maximum மதிப்புகளை அழித்துவிட்டு, அரை மணி நேரம் விளையாட்டை ஓடவிட்டோம். போர்டின் +12V குறைந்தபட்சம் 11.904. ஒன்றும் குறையில்லை. ஆனால் கிராபிக்ஸ் கார்டின் சென்சாரில் 8-பின் உள்ளீடு 11.38 வரை இறங்கியிருந்தது.

போர்டு சென்சாரை மட்டும் நம்பாமல், சப்ளையிலிருந்து வரும், மிச்சமிருந்த மோலெக்ஸ் பிளக்கில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தேன். சுமையிலும் 11.93. ஆக சப்ளை நன்றாகத்தான் இருக்கிறது. வோல்ட் தொலைவது கார்டுக்குப் போகும் வழியில். அந்தக் கேபிளில் சுமார் 12 ஆம்பியர் ஓடுகிறது. அரை வோல்ட் விழுந்தால் 6 வாட் வெப்பம், அதுவும் ஒரே பின்னில் குவியலாம்.

மார்ச் 7

சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, உள்ளிருக்கும் உலோகம் விரிந்து தளர்ந்திருந்தது. கார்டு பக்கத்துப் பின்கள் நல்லவேளையாகச் சுத்தம்.

மார்ச் 11

அதே மாடல் சப்ளைக்கான கேபிளே வாங்கினோம். வேறு சப்ளையின் கேபிள் பொருந்துவதுபோல் தெரிந்தாலும் சப்ளை பக்கத்தில் பின் வரிசை மாறியிருக்கலாம். அப்படி மாறியிருந்தால் 12 வோல்ட் தரைக் கம்பியில் போய்ச் சேரலாம். புதுக் கேபிளில் அதே விளையாட்டு, அதே அரை மணி நேரம்: கார்டில் குறைந்தபட்சம் 11.81, மீட்டரில் 11.93. இன்று அணையவில்லை. வார இறுதிவரை பதிவை ஓடவிடச் சொல்லியிருக்கிறேன்.