கடைசி வளையம்

மனையியல் ரீச்சர் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்த அதே கிழமைதான் ஸ்காபரோவில் என் பெரியப்பாவின் பேத்திக்குக் கலியாணம். வியாழன் இரவு செத்தவீட்டை நேரலையில் பார்த்தேன். சனிக்கிழமை கலியாணத்துக்குப் போனேன். வந்ததும் நாட்குறிப்பில் யார் யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று எழுதினேன். இந்தப் பழக்கம் ரீச்சர் தந்தது. கலியாணம் ஒன்றுக்குப் போய் வந்தால் துணி, தையல், பழுது என்று மூன்று பிரிவில் எழுதிக் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் வகுப்புக்கு மறந்திருக்காது.

முதலில் பெரியப்பா. எட்டு முழப் பட்டு வேட்டி, அதே கரையில் சால்வை. பட்டு வழுக்கும், பருத்தி வேட்டிபோல இடுப்பில் பிடித்து நிற்காது. எண்பது கடந்தவர் என்பதால் மகன் உள்ளே பெல்ட் கட்டிவிட்டிருந்தான். மாப்பிள்ளைக்கு ஒட்டு வேட்டி. தம்பிமார் எல்லோரும் ஒரே நீலத்தில் ஷெர்வானி.

பெரியம்மா தன் கூறைச் சேலையையே உடுத்தி வந்திருந்தார். ஐம்பது வருசத்துக்கு மேல் பழையது. சிவப்பு மங்கவில்லை. ஆனால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாக இழை விட்டிருந்தது. பட்டை ஒரே மடிப்பில் வருசக்கணக்காக வைத்தால் சரிகை அந்த இடத்தில் முறியும், பட்டு இழையும் அறும். சில மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். தலைப்பில் சரிகை தேய்ந்த இடத்தில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலில் சுற்றிப் பொன்முலாம் பூசிய பழைய சரிகை அது. செம்புக் கம்பிச் சரிகை என்றால் இவ்வளவு காலத்தில் கறுத்திருக்கும்.

பின்னேர வரவேற்பில் பொம்பிளையின் தங்கை கறுப்புக் கவுனில் வந்தாள். கழுத்திலிருந்து கால் வரை மின்னும் தகடுகள். அரை மணித்தியாலத்தில் உடுப்பு மாற்றும் அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

"மாமி, இழுக்க இழுக்க வருது!"

காப்பில் நூல் ஒன்று கொளுவியிருக்கிறது. தகடுகள் வரிசையாகக் கழன்று நிலமெங்கும் கிடந்தன. கவுனை உட்புறம் திருப்பிப் பார்த்தேன். மெஷினில் ஒற்றை நூலால் போட்ட சங்கிலித் தையல்.

எட்டாம் வகுப்பில் தலையணை உறை ஒன்றில் சங்கிலித் தையலால் தாமரை தைத்தேன். இரண்டு மாத வேலை. ரீச்சர் துணியைப் புரட்டி, அடியிலிருந்த நூல் நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். ஒரு இதழ் முழுவதும் வகுப்புக்கு முன்னால் உருவிக்கொண்டு வந்தது.

"கடைசி வளையத்தைக் கட்டினனியோ பிள்ளை?"

நான் கட்டவில்லை. சங்கிலித் தையலில் ஒவ்வொரு வளையத்தையும் அடுத்த வளையம்தான் பிடித்து வைத்திருக்கிறது. கடைசி வளையத்தைப் பிடிக்க எதுவும் இல்லை. அதன் தலைக்கு மேலால் ஒரு சின்னத் தையல் போட்டு, அடியில் முடிச்சுப் போடாவிட்டால் முடிந்த பக்கத்திலிருந்து முழுவதும் கழன்றுவிடும். அன்று கிணற்றடியில் நின்று அழுதேன். நீண்ட காலம் ரீச்சர்மேல் கோபமாகவே இருந்தேன்.

சனிக்கிழமை அந்த அறையில், தொங்கிய நூலை வெட்டவும் இல்லை, இழுக்கவும் இல்லை. வெட்டினால் அங்கிருந்து திரும்பவும் ஓடும். கழராமல் மிஞ்சியிருந்த கடைசி வளையத்துக்குள் நூல் நுனியை நுழைத்து இறுக்கினேன். ஓட்டம் நின்றது. அப்புறம் ஊசியைக் கீழிருந்து தகட்டின் துளை வழியாக எடுத்து, விளிம்புக்கு வெளியே இறக்கி, பதினொரு தகடுகளைத் திரும்பத் தைத்தேன். சுருக்கம் எடுக்க ஒரு பிள்ளை அயன்பெட்டியைக் கொண்டு வந்தாள். வேண்டாம் என்றேன். பிளாஸ்டிக் தகடு சூட்டில் சுருண்டுவிடும்.

அந்தத் தாமரையைப் பிரித்துத் திரும்பத் தைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் ரீச்சர். பாதி தைத்திருந்தபோது 1995 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணத்தின் பெரிய இடப்பெயர்வு வந்தது. ஊரோடு நாங்களும் இரவோடிரவாக வெளிக்கிட்டோம். உறை வீட்டு அலுமாரியிலேயே இருந்துவிட்டது. அதன்பின் வன்னி, கொழும்பு, கனடா. ரீச்சர் ஊருக்குத் திரும்பி ஓய்வு பெறும்வரை படிப்பித்தார் என்று கேள்விப்பட்டும் ஒரு கடிதம்கூட நான் எழுதவில்லை. இரண்டு தரம் ஊருக்குப் போய்வந்தேன். இரண்டு தரமும் நாள் போதவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

நாட்குறிப்பில் கவுனுக்குக் கீழே இதையும் எழுதினேன்:

ரீச்சர். துணி: வெள்ளைப் பருத்திச் சேலை, ஊதாக் கரை. தையல்: சட்டைக் கையில் பூவேலை, கமரா தூரத்தில் நின்றதால் என்ன தையல் என்று தெரியவில்லை. பழுது: இல்லை.