எடுத்துவிட்ட ஒரு வரி

விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்டு நான் எழுதிய அந்தக் கடிதத்தின் நகல் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. முக்கால் பக்கம்தான். அதில் இருக்கும் எந்த வரியும் என்னை உறுத்தவில்லை. அனுப்புவதற்கு முன் நான் எடுத்துவிட்ட வரிதான் உறுத்துகிறது.

லண்டனில் ஆலோசனை மையத்தில் வேலை என்றால் பாதி நாள் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதுவதுதான். உதவி கேட்டு மையத்துக்கு வந்த ஓர் அக்காவின் விஷயம் பள்ளி இடம். மகனுக்கு ஏழாம் ஆண்டுக்குக் கேட்ட பள்ளி கிடைக்கவில்லை, மேல்முறையீடு போட்டிருந்தார். படிவத்தை நிரப்பியது மகள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ற கட்டத்தை அவள் காலியாக விட்டுவிட்டாள். "நானே அம்மாவுக்குச் சொல்லுவன்" என்று நினைத்திருக்கிறாள். பதினாறு வயதுப் பெண், தம்பியின் திக்குவாயைப் பற்றியும் அவன் பள்ளியில் நாள்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பதைப் பற்றியும் அம்மா அழுதுகொண்டே சொல்வதை மேல்முறையீட்டுக் குழுவின் மூன்று அந்நியர் முன்னால் ஆங்கிலமாக்குவதா? வேண்டாம் என்றேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

விசாரணைக்குப் பத்துப் பள்ளி நாட்களுக்கு முன்பே அறிவிப்பு வந்தாக வேண்டும் என்பது விதி. வந்த அன்றே குழுவின் கிளார்க்குக்கு எழுத உட்கார்ந்தேன். மொழி தமிழ், இலங்கைத் தமிழ். குடும்பத்தினர் யாரும் மொழிபெயர்க்க மாட்டார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருப்பதால் கூடுதல் நேரம் வேண்டும். பள்ளித் தரப்பின் அறிக்கையை மொழிபெயர்ப்பாளருக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைப் பலர் கேட்பதில்லை. நான் விடாமல் கேட்பேன். அந்த அறிக்கைகளில் 'பிரெஜுடிஸ்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் பள்ளியின் கல்விப் பணிக்குப் பாதிப்பு வரும் என்பதுதான் அங்கே அதன் பொருள். முன்பு ஒரு விசாரணையில், தாள்களைப் பார்க்காமல் வந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் அதைப் 'பாரபட்சம்' என்று சொல்லிவிட்டார். பள்ளி தன் வாயாலேயே பாரபட்சத்தை ஒப்புக்கொண்டுவிட்டது என்று அந்தத் தகப்பன் கோபத்தோடு பேச ஆரம்பித்தார். அதைச் சரிசெய்யவே கால் மணி நேரம் போயிற்று.

சரி, அந்த வரிக்கு வருகிறேன். முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: "இவர் வேலையிடத்தில் அன்றாட ஆங்கிலம் பேசுவார், ஆனால் விசாரணையில் ஆங்கிலத்தில் பங்கேற்க இவரால் இயலாது." முதல் பாதியை எடுத்தேன். காரணம் இருந்தது. இரண்டு வருடம் முன்பு இன்னொருவருக்கு, வீட்டு விஷயமாக, 'ஓரளவு ஆங்கிலம் புரியும்' என்று நேர்மையாக எழுதினேன். அதிகாரி மெதுவாகப் பேசுவார், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது என்று பதில் வந்தது. அந்த மனிதர் முக்கால் மணி நேரம் தலையாட்டிவிட்டு வந்தார். எதற்குத் தலையாட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. 'ஓரளவு' என்ற சொல்லை எழுதுகிறவன் ஒரு மாதிரி நினைத்து எழுதுகிறான், செலவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் வேறு மாதிரி படிக்கிறார்.

அதனால் மீதியிருந்தது பின்பாதி மட்டும். அது பொய்யில்லை. அதைத்தான் எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். நல்ல பெண்மணி, தாள்களைப் படித்துவிட்டு வந்திருந்தார். நான் துணைக்குப் போயிருந்தேன். எல்லோரும் உட்கார்ந்ததும் குழுத் தலைவர் சிரித்துக்கொண்டே அக்காவிடம், வருவதற்குச் சிரமமாக இருந்ததா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டார். இரண்டு பஸ், சிரமமில்லை, நன்றி. தினமும் சூப்பர்வைசரிடம் பேசுகிற வேகத்தில் வந்தது.

தலைவர் முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. உங்களுக்கு ஆங்கிலம் வராது என்று கடிதத்திலிருந்து புரிந்துகொண்டோம், பரவாயில்லை, எது வசதியோ அதில் பேசுங்கள் என்றார். மொழிபெயர்ப்பாளர் தன் வேலையைச் செய்தார். ஒரு சொல் விடாமல் அதைத் தமிழில் சொன்னார்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை எத்தனையோ விதமாகப் படித்துப் பார்த்துவிட்டேன். ஏன் இப்படி எழுதினாய் என்ற கேள்வியாக இருக்கலாம். என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டாயே என்பதாகவும் இருக்கலாம். வெறும் பதற்றமாகக்கூட இருந்திருக்கலாம், நான்தான் மீதியை ஏற்றிக்கொள்கிறேனோ என்னவோ. ஆனால் அதன்பிறகு நடந்ததற்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அக்கா தமிழை விட்டுவிட்டார். பள்ளியின் பிரதிநிதி பேசியதை மட்டும் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டுக்கொண்டார். தன் முறை வந்தபோது ஆங்கிலத்திலேயே பேசினார். மையத்தில் என்னிடம் அரை மணி நேரம் சொன்ன கதை அது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் பிள்ளை எப்படித் திரும்பிப் பார்ப்பான், ரொட்டி வேண்டும் என்று கேட்க வெட்கப்பட்டு எப்படிப் பசியோடு வீடு வருவான் என்றெல்லாம் சொல்லியிருந்தார். அங்கே அது நான்கு வாக்கியமாகச் சுருங்கியது. அவன் பேச மாட்டான். அவனுக்குப் பயம். இந்தப் பள்ளி நல்லது. ப்ளீஸ். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பேனாவைப் பிடித்தபடி சும்மா இருந்தார்.

நான் குறுக்கிட்டிருக்கலாம். துணைக்கு வந்தவர் பேச அனுமதி கேட்கலாம், கேட்டால் கொடுப்பார்கள். கடிதத்தை எழுதியவன் நான், வரியை எடுத்தவனும் நான்தான் என்று சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். கடிதத்தின் மேல் சந்தேகம் இன்னும் கூடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அப்போது அது அக்காவுக்காகப் பயந்த பயம் என்றுதான் நினைத்தேன்.

மேல்முறையீட்டில் இடம் கிடைத்தது. முடிவுக் கடிதம் ஒரு வாரத்துக்குள் வந்தது. பேச்சுச் சிகிச்சையாளரின் அறிக்கையைத்தான் காரணமாகக் காட்டியிருந்தார்கள், மொழியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சக ஊழியருக்கு என் குழப்பம் சிரிப்பாக இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரும் வந்தார், பிள்ளைக்கு இடமும் கிடைத்தது, உனக்கு என்னய்யா கவலை என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். முதல் பாதியை எழுதியிருந்தால் மொழிபெயர்ப்பாளரே வந்திருக்க மாட்டார், அந்த 'பிரெஜுடிஸ்' அறிக்கையை அக்கா தனியாகக் கேட்டிருப்பார். இல்லை, அக்கா தலை நிமிர்ந்து இருந்திருப்பார். இரண்டையும் சொல்லிப் பார்க்கிறேன், இரண்டும் சரியாகத்தான் படுகிறது.

தாளோடு அக்கா மையத்துக்கு வந்தார். நன்றி சொன்னார். எழுந்து போகும்போது மட்டும், "தம்பி, நான் வேலையிலை இங்கிலீஷ்தானே கதைக்கிறனான். கையெழுத்து வாங்கேக்கை ஒருக்கா வாசிச்சுக் காட்டியிருக்கலாம்" என்றார். நான் சாராம்சத்தைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தேன். அதைச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

இப்போது வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். முதல் பாதியையும் எழுதுகிறேன், கொஞ்சம் மாற்றி: வேலையில் சொல்வது புரியும், பஸ்ஸில், கடையில் சமாளிப்பார், காரணம் சொல்லி வாதிடவும் எதிர்த்தரப்பின் அறிக்கைக்குப் பதில் சொல்லவும் தமிழ் வேண்டும். போன வாரம் ஓர் அண்ணனுக்கு அப்படித்தான் அனுப்பினேன். நேற்று கிளார்க்கிடமிருந்து பதில் வந்திருக்கிறது: அவருக்கு ஓரளவு ஆங்கிலம் தெரிகிறதே, மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் தேவையா? விசாரணைக்கு இன்னும் ஆறு பள்ளி நாள் இருக்கிறது. பதிலை எழுதத் தொடங்கி, முதல் வரியிலேயே நிற்கிறேன்.