என்னடா முறைக்கிற?

மேலமாசி வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் இருக்கிறேன். போன வாரம் வந்த ஜெர்மன்காரருக்கு, பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே கை கொடுத்தேன். நான் நிமிரும் வரை மனுஷன் கையை விடவே இல்லை. அவர்கள் ஊரில் கண்ணைப் பார்க்காமல் கை குலுக்கினால் அலட்சியம், இல்லையென்றால் ஆள் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம்.

சரி, பாடம் படித்தாயிற்று என்று மறுநாள் வந்த ஜப்பானியரிடம் அதையே காட்டினேன். அவர் குனிந்தார். நானும் குனிந்தேன், ஆனால் கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை. நிமிர்ந்தவர் பார்வையை என் சட்டைக் காலருக்கு இறக்கிக்கொண்டார். குனிவதற்கு முன் ஒரு பார்வை, குனியும்போது தலையோடு கண்ணும் தரைக்கு, நிமிர்ந்ததும் மறுபடி ஒரு பார்வை. அதுதான் அவர்கள் முறை. குனிந்தபடி முகத்தைப் பார்ப்பது ஆளை நம்பாமல் நோட்டம் விடுவது போல.

2013-ல் பின்லாந்துக்காரர்களையும் ஜப்பானியரையும் வைத்து ஓர் ஆய்வு வெளியானது. எதிரே இருப்பவர் நேராகப் பார்த்தபோது, கவனம் குவிவதன் அடையாளமாக இதயத்துடிப்பு இரு தரப்புக்கும் ஒரே மாதிரிதான் மெதுவானது. ஆனால் அந்த முகத்தை ஜப்பானியர்தான் கூடுதலாகக் கோபமானது, நெருங்க முடியாதது என்று மதிப்பிட்டார்கள். உடம்பு ஒரே மாதிரிதான் கவனிக்கிறது. பொருள் கொள்வதுதான் வேறு.

எங்கள் அப்பத்தாவை அந்த ஆய்வில் உட்கார வைத்திருந்தால் ஜப்பான் பக்கம்தான் சேர்ந்திருக்கும். பெரியவர்கள் பேசும்போது நிமிர்ந்து பார்த்தால் போதும், "என்னடா முறைக்கிற?"

இப்போது மேஜையில் பாஸ்போர்ட்டை முதலில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் வணக்கம்.