குனெல் தட்டில் ஏழு ஒவ்வாமை

பிரான்சுக்கு வந்த எங்கள் ஆட்கள் பலரைப் போல நானும் கோப்பை கழுவித்தான் தொடங்கினேன். ஊர் லியோன். இடம் ஒரு பூஷோன், அதாவது லியோனின் பழைய பாணிச் சாப்பாட்டுக் கடை. கோடை வந்தால் பாதி மேசைகளில் ஆங்கிலம்தான் கேட்கும். எனக்கு யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட ஆங்கிலம் கொஞ்சம் வரும் என்று தெரிந்ததும், மெனுவை ஆங்கிலத்தில் எழுதும் வேலையை முதலாளி என்னிடம் தந்துவிட்டார். சம்பளம் கூடவில்லை, அது வேறு கதை.

இங்கத்தைய சாப்பாட்டுப் பெயர்கள் பாதி பகிடி. 'செர்வெல் த கனுய்' என்றால் பட்டு நெசவாளியின் மூளை. தட்டில் வருவதோ மூளை இல்லை, தயிர் மாதிரியான வெள்ளைச் சீஸில் வெங்காயமும் பச்சை இலைகளும் வினிகரும் சேர்த்துக் குழைத்தது. அதனால் பெயரைப் பிரெஞ்சிலேயே விட்டுவிட்டு, அதன் கீழே ஒரு வரி எழுதினேன்: என்ன பொருள், எப்படிச் சமைத்தது, எதோடு வரும். 'அந்துயெத்'துக்கு முதலாளி 'லியோனின் பாரம்பரிய சொசேஜ்' என்று மட்டும் போடச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. அது குடலில் செய்வது, வாசமும் பலமானது. பாபத் கறி சாப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு அது பெரிய விசயமில்லை. ஆனால் தெரியாமல் கேட்டவர் முதல் வாயோடு தட்டைத் திருப்பி அனுப்புவார். 'குடல், வாசம் கூட' என்று எழுதிவிட்டால் விரும்புபவர் மட்டும்தான் கேட்பார்.

ஒவ்வாமைக் குறிப்புத்தான் உண்மையான வேலை. ஐரோப்பியச் சட்டம் 14 பொருட்களைக் குறிப்பிடுகிறது. பிரான்சில் 2015 ஜூலையிலிருந்து உணவகங்களும் அந்த விவரத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும், கேட்டால் வாயால் சொன்னால் போதாது.

எங்கள் கடையின் பெயர் பெற்ற தட்டு 'குனெல் த ப்ரோஷே, சோஸ் நான்துவா'. பெயரில் தெரிவது ப்ரோஷே என்ற ஆற்றுமீன் மட்டும். நான் குசினிக்குள் போய், தலைமைச் சமையல்காரரின் பக்கத்தில் நின்று, சட்டிக்குள் விழுவதை ஒவ்வொன்றாக எழுதினேன். மீனை அரைத்துச் சேர்க்கும் மாக்களி கோதுமை மாவும் பாலும் பட்டரும், அதற்குள் முட்டை. அங்கேயே நாலு வந்துவிட்டது: மீன், குளூட்டன், பால், முட்டை. சோஸ் நான்துவா என்றால் 'எக்ரெவீஸ்', அதாவது நன்னீர் இறால், அதன் ஓட்டை வதக்கி எடுத்த பட்டர். ஆகவே இறால் இனம். ஓட்டோடு கொதிக்கிற காய்கறியில் செலரி இருக்கும். ஊற்றுகிற வெள்ளை வைனில் சல்பைட் இருக்கும். மொத்தம் ஏழு.

மீனுக்கு ஒவ்வாமை இல்லை, இறால்தான் ஆகாது என்கிறவருக்கு இந்தப் பெயரில் ஒரு எச்சரிக்கையும் இல்லை. அதனால் அட்டவணையில் மட்டும் போடாமல், விவரண வரிக்குள்ளேயே 'இறால் பட்டர் சோஸில்' என்று எழுதினேன். 'ஷெல்ஃபிஷ்' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். ஆங்கிலத்தில் அது மட்டி, சிப்பியையும் சேர்த்துக்கொள்ளும், இங்குள்ள சட்டத்தில் அவை இரண்டு தனித்தனிக் கட்டங்கள்.

அமெரிக்கர்களிடம் இன்னொரு சிக்கல். அவர்கள் நாட்டுச் சட்டம் சொல்வது ஒன்பது பொருட்கள்தான், கடுகும் செலரியும் அதில் இல்லை. அதனால் அந்த இரண்டையும் ஒரு கடையும் தங்களிடம் சொல்லாத ஊரிலிருந்து வருகிறார்கள். எங்கள் கடையிலோ சலாட் சோஸ் எல்லாவற்றிலும் கடுகு. ஆகவே சலாட்டுக்குக் கீழே 'டிஜோன் கடுகு சேர்த்த சோஸ்' என்று வெளிப்படையாகவே வைத்தேன். முதலாளி பொரித்த உருளைக்கிழங்குக்கு 'குளூட்டன் இல்லை' என்று போடலாம் என்றார். உருளைக்கிழங்கில் இல்லைத்தான், ஆனால் அதே எண்ணெயில்தான் ரொட்டித்தூளில் பிரட்டிய மாட்டு இரைப்பையும் பொரிகிறது. அந்த வரியை எடுத்துவிட்டோம்.

அச்சடித்த அட்டைக்குப் பிறகும் ஓட்டை இருந்தது சுவரில் தொங்கும் கரும்பலகையில். அன்றைய சாப்பாடு காலையில் சந்தைக்குப் போய் வந்த பிறகுதான் முடிவாகும், ஒவ்வாமைக் கோப்பில் அது இருக்காது. இப்போது சோஸ் முடிந்ததும் சமையல்காரர் 14 கட்டம் போட்ட தாளில் புள்ளடி போட்டுத் தருகிறார். அதற்குப் பிறகுதான் பலகையில் நான் ஆங்கில வரியை எழுதுவேன். தாள் வராத நாளில் பலகையில் பிரெஞ்சு மட்டும்தான். கேட்பவருக்கு, விசாரித்து வந்து சொல்கிறேன் என்று குசினிக்குள் போவேன்.