குட்டிக்கரணம் குறைந்தால் போதும் என்று நினைத்தேன்

ஈ. கோலை பாக்டீரியா உணவைத் தேடிப் போவதைக் கணினியில் செய்து பார்க்க வேண்டும் என்பது பழைய ஆசை. அதற்கு ஸ்டீயரிங் கிடையாது. வினாடிக்குச் சுமார் 20 மைக்ரான் வேகத்தில் ஏறக்குறைய ஒரு வினாடி நேராக ஓடும், பிறகு 0.1 வினாடி குட்டிக்கரணம் போட்டு, ஏதோ ஒரு திசையில் மறுபடி ஓடும். அதன் கையில் இருப்பது எப்போது குட்டிக்கரணம் போடுவது என்பது ஒன்றுதான்.

முதல் நிரலை அரை மணி நேரத்தில் எழுதிவிட்டேன். 1000 மைக்ரான் பெட்டி, வலப்பக்கம் உணவு அதிகம். இடது ஓரத்தில் வினாடிக்கு 2 குட்டிக்கரணம், அது படிப்படியாகக் குறைந்து வலது ஓரத்தில் 0.5. உணவுள்ள இடத்தில் ஓட்டம் நீள்கிறது, எனவே கூட்டம் அங்கே சேரும் என்று நினைத்தேன். 2000 செல்களைச் சீராகத் தூவி ஓட விட்டேன். கடைசி வரை சீராகவே இருந்தன.

பிழை எங்கே என்று இரண்டு மாலைகள் தேடினேன். சுவரில் மோதித் திரும்பும் வரிகளைக்கூட மாற்றி எழுதினேன். நிரலில் பிழையே இல்லை, தவறு என் எண்ணத்தில்தான். வலப்பக்கம் நீளமாக ஓடும் செல் உள்ளே வருவதற்கு எவ்வளவு வசதியோ, வெளியே போவதற்கும் அவ்வளவு வசதி. இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துக் குட்டிக்கரணத்தைக் கூட்டிக் குறைத்தால் கூட்டம் சேராது. அதுவரை குட்டிக்கரணத்துக்கு நேரமே ஆகாது என்று வைத்திருந்தேன். அந்த 0.1 வினாடியைச் சேர்த்தபோது இன்னும் வேடிக்கை: அடிக்கடி நின்று சுழலும் இடது ஓரத்தில், அதாவது பட்டினி மூலையில், கூட்டம் சுமார் 14 சதவீதம் அதிகம்!

அப்படியானால் செல்லுக்குத் தேவை ஒப்பீடு: ‘சற்று முன்பு இருந்ததைவிட இப்போது மேலா?’ ஒப்பிட நினைவு வேண்டும். அந்த நினைவுதான் உணவை உணரும் ஏற்பிகளில் ஒட்டும் மெத்தில் குழுக்கள்.

உணவு மூலக்கூறு ஏற்பியில் ஒட்டினால் அதன் கீழுள்ள கீஏ நொதியின் செயல்பாடு குறைகிறது. அந்த நொதியால் பாஸ்பேட் ஏறிய கீஒய் புரதம் குறைகிறது, வாலைச் சுழற்றும் மோட்டார் குட்டிக்கரணத்தைத் தள்ளிப் போடுகிறது. இதெல்லாம் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். இன்னொரு பக்கம், கீஆர் என்ற நொதி செயலிழந்த ஏற்பிகளில் மெத்திலை ஏற்றுகிறது. கீபி செயலில் உள்ளவற்றிலிருந்து இறக்குகிறது. மெத்தில் ஏறினால் செயல்பாடு திரும்பிவரும். இது மெதுவாக நடப்பதால், மெத்தில் அளவு எப்போதும் கொஞ்சம் பழைய செய்தியாகவே இருக்கும்.

```python
F = 6*(1.7*(1-m) + np.log((1+L/18.2)/(1+L/3000)))
a = 1/(1+np.exp(F))
m += dt*(k*(1-a) - k*a)
rate = (a/0.5)**10
```

L என்பது உணவுக்குப் பதிலாக வைத்த மெத்தில்-அஸ்பார்டேட்டின் அளவு, மைக்ரோமோலாரில்; m மெத்தில் எண்ணிக்கை, a செயல்பாடு, k மெத்தில் ஏறி இறங்கும் வேகம், rate குட்டிக்கரண வீதம். உணவே இல்லாதபோது m = 1, a = 0.5. திடீரென L-ஐ 100 ஆக்கினேன். F 11-க்குத் தாவியது, a கிட்டத்தட்ட பூச்சியம், செல் நிற்காமல் ஓடியது. k = 0.05 என்று வைத்திருந்ததால் m மெல்ல ஏறி, சுமார் 35 வினாடியில் 2.08-ஐத் தொட்டது; a மறுபடி 0.5. மூன்றாவது வரியைப் பார்த்தால் காரணம் புரியும்: a பாதியாக இருந்தால்தான் m அசையாமல் நிற்கும், L எவ்வளவாக இருந்தாலும் சரி.

இப்போது சரிவு. 1000 மைக்ரானுக்கு L e மடங்கு கூடும்படி வைத்தேன். ஒரு வினாடி மேலே ஓடினால் L வெறும் 2 சதவீதம் கூடும். அதற்குள் மெத்தில் அசையாது என்று வைத்துக்கொண்டால், a 0.5-லிருந்து 0.476 ஆகிறது. அற்பமாகத் தெரிகிறதா? மோட்டார் அதைப் பத்தாம் அடுக்குக்கு ஏற்றுகிறது: குட்டிக்கரண வீதம் வினாடிக்கு 0.6. கீழ்நோக்கி ஓடினால் 1.6. இவ்வளவுதான் சார்பு. ஆனாலும் கணினியின் பத்து நிமிடத்தில் பெரும்பாலான செல்கள் வலது ஓரத்துக் கால்வாசிக்குள் வந்துவிட்டன.

அப்புறம் ஆசை விடவில்லை. வேகமாகத் தகவமைந்தால் நல்லதுதானே என்று k-ஐ 1 ஆக்கினேன். கூட்டம் கலைந்து பரவலானது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நினைவு 0.2 வினாடிதான், ஓட்டமோ ஒரு வினாடி. ஓட்டம் முடிவதற்குள் ஓட்டத்தின் தொடக்கம் மறந்துபோகிறது. 0.05-இல் நினைவு 4 வினாடி வருகிறது. உண்மையான செல்லின் நினைவும் சில வினாடிகள்தான். எதிர்த்திசையில் k-ஐ 0.0005 ஆக்கியபோது மெத்தில் பின்தங்கியது. மேலே ஏறிய செல்கள் குட்டிக்கரணமே போடாமல் சுவரில் மோதி, அதே வேகத்தில் கீழே ஓடின. வரைபடத்தில் பழையபடி அதே தட்டைக் கோடு.

அடுத்து m-ஐ முழு எண்ணாக ஆக்க வேண்டும். ஓர் ஏற்பியில் இந்த வேலைக்கு முக்கியமாக நான்கு இடங்கள்தான் உண்டு, என் நிரலோ 2.08 மெத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.