61-ம் கல்லுக்கும் 62-ம் கல்லுக்கும் நடுவுல 860 மீட்டர்

ஹைவேக்கு அடியில தண்ணி போற கல்வெர்ட்டும் ஆக்சிடென்ட் ஸ்பாட்டும் மேப்ல ஏத்துற வேலை எங்க டீமுக்கு வந்தப்போ, கைல இருந்தது ரெண்டு விஷயம்தான். ரோட்டோட சென்டர் லைன் ஒண்ணு, எக்ஸெல் ஷீட் ரெண்டு. ஷீட்ல லாட்டிட்யூட் லாங்கிட்யூட் எதுவும் கிடையாது, "கி.மீ 61-லருந்து 430 மீ, பைப் கல்வெர்ட்" இப்படித்தான் வரி வரியா இருக்கும். இப்போ நடக்குற விபத்துக்கெல்லாம் போலீஸ் ஆப்லயே லொகேஷன் வந்துடுது, ஆனா பழைய ரிஜிஸ்டர் முழுக்க கிலோமீட்டர் கல்லை வச்சுதான் பேசும்.

இதுக்குத்தான் லீனியர் ரெஃபரென்சிங். சென்டர் லைனோட ஒவ்வொரு புள்ளிக்கும் அது எத்தனையாவது கிலோமீட்டர்ல இருக்குன்னு சொல்ற எம் வேல்யூன்னு ஒரு நம்பர் குடுத்து வச்சுட்டா, அப்புறம் ஈவென்ட் டேபிள்ல ரோடு ஐடியும் எம்மும் இருந்தா போதும், புள்ளி தானா வந்து ரோட்டு மேல உக்காந்துக்கும்:

```sql
SELECT e.id, ST_LocateAlong(r.geom, e.m)
FROM events e JOIN routes r USING (route_id);
```

இது ரெண்டு வரி வேலை. கஷ்டமெல்லாம் அந்த எம்மை எங்கருந்து எடுக்குறோம்ங்கிறதுலதான். கல்லுக்கும் கல்லுக்கும் சரியா ஆயிரம் மீட்டர் இருக்கும்னு நினைச்சுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க, நிஜத்துல அப்படி இருக்காது. எங்க ரோட்டுல ஏரிக்கரையை ஒட்டி ஒரு வளைவு இருந்துச்சு, என்னைக்கோ அதை நேராக்கிட்டாங்க, கல்லு மட்டும் பழைய நம்பரோட அப்படியே நிக்குது, அதனால 61-க்கும் 62-க்கும் நடுவுல 860 மீட்டர்தான். சென்டர் லைனை கல்லுகளை வச்சு கேலிபரேட் பண்ணோம்னா சாஃப்ட்வேர் அந்த 860 மீட்டரையும் 61.000-லருந்து 62.000 வரை சமமா பிரிச்சு வச்சுடும்.

இப்போ அந்த 430 மீட்டர் கல்வெர்ட்டை எடுத்துக்கோங்க. அளக்குற சக்கரத்தை உருட்டிக்கிட்டே போய் அளந்த நிஜமான 430 மீட்டர் அது. ஷீட்ல 61.430-ன்னு போட்டா 860-ல 43 பர்சென்ட், அதாவது 370 மீட்டர்லயே புள்ளி விழுந்துடும், அறுபது மீட்டர் முன்னாடி. சரியான எம் என்னன்னா 430-ஐ 860-ஆல வகுக்கணும், பாதி, அப்போ 61.500. பின்னாலருந்து அளந்திருந்தாலும் இதே கணக்குதான், "62-க்கு 200 மீட்டர் முன்னாடி"ன்னா அது 61.800 இல்ல, 61.767.

தப்பா விழுந்திருக்குன்னு எப்படி தெரியும்? ஓடை, வாய்க்கால் லேயரை மேல போட்டுப் பாருங்க. கல்வெர்ட்னாலே அடியில தண்ணி போற வழி இருக்கணும். ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்குற கல்வெர்ட் எல்லாம் ஒரே பக்கமா தள்ளி, 61-ம் கல்லை விட்டு தூரம் போகப் போக தள்ளலும் கூடிக்கிட்டே போய், 62-ம் கல்லுகிட்ட வந்ததும் டக்குனு சரியாயிடுச்சுன்னா, சந்தேகமே வேண்டாம், கல் இடைவெளிதான் காரணம். வழி தவறி இங்கொண்ணு அங்கொண்ணா விழுந்தா அது டைப்பிங் தப்பு. இல்லைன்னா 61/3-ஐ யாரோ 61.300-ன்னு எடுத்திருப்பாங்க. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் நம்பரிங்படி அது அந்த கிலோமீட்டர்ல மூணாவதா வர்ற பாலமோ கல்வெர்ட்டோன்னு அர்த்தம், 300 மீட்டர் இல்ல. கைப்பிடிச்சுவர்ல பெயின்ட் பண்ணிருக்குறதும் இதே நம்பர்தான், அதனால ஷீட்ல எந்த ஃபீல்டு எதுன்னு ரோடு இன்ஸ்பெக்டர்கிட்ட கேக்காம தொடவே கூடாது.

ஆக்சிடென்ட்ல இது இன்னும் வலிக்கும். மத்திய அரசு வரையறைப்படி சுமார் 500 மீட்டர் நீளத்துல மூணு வருஷத்துக்குள்ள சாவோ படுகாயமோ நடந்த விபத்து அஞ்சு இருந்தா அது பிளாக் ஸ்பாட். எங்க ரோட்டுல அஞ்சு விபத்து, முதலாவதோட எம் 61.700, கடைசியோடது 62.230. எம்மை கழிச்சா 530 மீட்டர், பிளாக் ஸ்பாட் இல்லன்னு தள்ளிடும். ஆனா நிஜ ரோட்டுல 62 வரைக்கும் 258 மீட்டர், அதுக்கப்புறம் கல் சரியா இருக்குற இடம், 230, மொத்தம் 488 மீட்டர்தான். அஞ்சு குடும்பத்துக்கு நடந்தது கணக்குல விழாம போறதுக்கு ஒரு பழைய கல்லு காரணமா இருக்கலாமா? கிலோமீட்டர் வாரியா எண்ணினாலும் 61-ல மூணு, 62-ல ரெண்டுன்னு உடைஞ்சுபோகும்.

அதனால நான் இப்போ ஈவென்ட் டேபிள்ல கல் நம்பர், கல்லுலருந்து தூரம், முன்னாடியா பின்னாடியாங்கிறதை மட்டும் ஆள் சொன்னபடியே வச்சுக்குறேன். எம்மும், ரோட்டு ஆரம்பத்துலருந்து நிஜ மீட்டரும் தனித்தனி ஃபீல்டா அதுலருந்து கணக்கு போட்டு வருது, பிளாக் ஸ்பாட்டுக்கான 500 மீட்டர் கணக்கு நிஜ மீட்டர் மேல மட்டும்தான் ஓடும். கல் இடைவெளிக்குன்னு ஒரு குட்டி டேபிள் தனியா இருக்கு, யாராவது கல்லை மாத்தி நட்டா பழைய வரியை அழிக்காம அதுக்கு முடிவு தேதி போட்டுட்டு, புது இடைவெளியை தேதியோட அடுத்த வரியா சேத்துக்கலாம்.